கிரிஸ்டலா, உள் ஆஸிலேட்டரா? கடிகாரத் துடிப்பை எதை நம்பி ஒப்படைக்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பார்ப்பது ப்ராசசரின் வேகத்தைத்தான். 3.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதாவது ஒரு நொடிக்கு 340 கோடி துடிப்புகள். இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது, அது சரியாக 340 கோடிதானா என்று நாம் யோசிப்பதில்லை. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் வரை யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இன்று பலர் கம்ப்யூட்டரோடு சிறு சிறு போர்டுகளையும் இணைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதைக் காட்டும் போர்டு, வெப்பநிலை காட்டும் போர்டு என்று இவை பல வகை. இவற்றில் இருக்கும் மைக்ரோ கண்ட்ரோலர் சிப்புக்கும் ஒரு துடிப்பு தேவை. அதை எங்கிருந்து எடுப்பது என்று சிப்பை அமைக்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சிப்பை அமைக்கும் மெனுவில் உள் ஆஸிலேட்டர், வெளி கிரிஸ்டல், பி.எல்.எல். என்று மூன்று விதமான பெயர்கள் வரும். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பி.எல்.எல். என்பதைத் தேர்ந்தெடுத்தால் உண்மையில் என்ன மாறுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் ஒரு நேரடி உதாரணத்தோடு பார்ப்போம்.

துடிப்பு தரும் இரண்டு பேர்

கிரிஸ்டல் என்பது குவார்ட்ஸ் கல்லில் இருந்து மெல்லியதாக அறுத்தெடுத்த ஒரு சிறு தகடு. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். எவ்வளவு வேகமாக அதிரும் என்பது பெரும்பாலும் அதன் கனத்தையும் அதை அறுத்த கோணத்தையும் பொறுத்தது. கல்லின் கனம் வெயிலுக்கும் மின்னழுத்தத்துக்கும் பெரிதாக மாறிவிடாது. அதனால் கிரிஸ்டலின் பிழை மிகச் சிறியது. கடைகளில் கிடைக்கும் சாதாரண கிரிஸ்டலில் பத்து லட்சத்தில் 20 முதல் 50 வரை பிழை இருக்கும். பத்து லட்சத்தில் 30 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 2.6 நொடி.

உள் ஆஸிலேட்டர் என்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு சர்க்யூட். ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு கெப்பாசிட்டர் நிரம்பவும் காலியாகவும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து இது துடிப்பை உண்டாக்குகிறது. வெளியில் எந்த உதிரிபாகமும் வேண்டாம், செலவு இல்லை, மின்சாரம் வந்த உடனே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டரின் மதிப்பும் கெப்பாசிட்டரின் மதிப்பும் சிப்புக்குச் சிப்பு சற்று வேறுபடும், சூட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். இதுதான் இதன் பலவீனம்.

இந்தப் பலவீனம் எவ்வளவு? வீட்டில் சோதனை செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஏடிடைனி 85 என்ற எட்டுக் கால் சிப்பை எடுத்துக்கொள்வோம். இதன் உள் ஆஸிலேட்டர் 8 மெகாஹெர்ட்ஸ். இதன் தகவல் ஏட்டில், 3 வோல்ட், 25 டிகிரி சூட்டில் தொழிற்சாலை அமைப்பின் துல்லியம் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான சிப்புகள் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கைக்கு வரும் சிப் எப்படி இருக்கும் என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

காலையில் சரி, மதியம் கோளாறு

கவரைப்பேட்டையில் என் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் மூன்று உயரங்களில் மூன்று கம்பிகளை இறக்கி, தண்ணீர் எந்தக் கம்பியைத் தொடுகிறது என்று ஒரு ஏடிடைனி 85 சிப் பார்க்கும்படி அமைத்திருந்தோம். பத்து நொடிக்கு ஒரு முறை சிப் `LEVEL 50` என்பது போல ஒரு வரியைக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இடையில் ஒரு யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர். வேகம் 9600, அதாவது ஒரு நொடிக்கு 9600 பிட். சிப்பில் உள் ஆஸிலேட்டரையே வைத்திருந்தோம்.

காலையில் எல்லாம் சரியாக வந்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் திரையில் பாதி எழுத்துகள் சரியாகவும் மீதி கண்டபடியும் வந்தன. மாலை ஆனதும் தானாகவே சரியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. வயரில் கோளாறு என்றால் இப்படி நேரம் பார்த்து வராது. மொட்டை மாடியில் வெயிலில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம். காலையில் 29 டிகிரி, மதியம் 57 டிகிரி. அதனால் சந்தேகம் நேராக உள் ஆஸிலேட்டர் மீது திரும்பியது.

ஒரு எல்.ஈ.டி.யும் கம்ப்யூட்டர் கடிகாரமும் போதும்

துடிப்பை அளக்க விலை உயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். சிப் தன் கணக்குப்படி 600 நொடி, அதாவது பத்து நிமிடம் எண்ணி முடித்ததும் ஒரு எல்.ஈ.டி.யை மாற்றச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரத்தில் அது உண்மையில் எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். ஆர்டுயினோ மென்பொருளில் எழுதினால் புரோகிராம் இவ்வளவுதான்:

```
void setup() {
  pinMode(1, OUTPUT);
}
void loop() {
  delay(600000UL);
  digitalWrite(1, !digitalRead(1));
}
```

எல்.ஈ.டி. ஒரு முறை மாறுவதற்கும் அடுத்த முறை மாறுவதற்கும் இடையே உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்ப்பதில் ஒரு நொடி தவறினாலும் 600-ல் ஒன்று என்பது 0.17 சதவீதம்தான். நமக்கு அது போதும்.

எங்கள் போர்டில் காலையில் பத்து நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம் 36 நொடியிலேயே எல்.ஈ.டி. மாறியது. அதாவது சிப் 4.2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. மதியம் 9 நிமிடம் 30 நொடி. அப்போது வேகம் 5.3 சதவீதம் அதிகம். சூடு ஏறியதால் கூடியது 1.1 சதவீதம்தான். மீதி 4.2 சதவீதம் அந்தச் சிப்பின் பிறவிக் குணம்.

இந்தச் சோதனையில் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடிக்கலாம். பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் ஆனாலோ, எண்பது நிமிடம் ஆனாலோ அது ஆஸிலேட்டரின் பிழை அல்ல. அமைப்பில் தவறு. ஏடிடைனி 85 கடையில் இருந்து வரும்போது 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ஆர்டுயினோ மெனுவில் வேறு வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. `Burn Bootloader` என்பதையும் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். அப்போதுதான் சிப்புக்குள் இருக்கும் ஃப்யூஸ் அமைப்பு மாறும். ஆகவே இரண்டு மடங்கு, எட்டு மடங்கு என்று முழு எண்ணில் வித்தியாசம் வந்தால் மெனுவைப் பாருங்கள். சில சதவீதம் என்றால் ஆஸிலேட்டரைப் பாருங்கள்.

5.3 சதவீதம் ஏன் எழுத்தைக் கெடுக்கிறது?

4.2 சதவீதப் பிழையில் சரியாக வந்த எழுத்து, 5.3-ல் ஏன் கெட வேண்டும்? சீரியல் முறையில் ஓர் எழுத்து எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும்.

ஓர் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட் போகும். முதலில் ஒரு தொடக்க பிட், பிறகு எழுத்துக்கான எட்டு பிட், கடைசியில் ஒரு முடிவு பிட். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே துடிப்புக்கென்று தனி வயர் கிடையாது. தொடக்க பிட் வந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் கன்வெர்ட்டர் தன் கடிகாரத்தை வைத்து எண்ணத் தொடங்குகிறது. ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதி வரும்போது எட்டிப் பார்த்து 0-வா 1-ஆ என்று குறித்துக்கொள்கிறது. கடைசியாக முடிவு பிட்டைப் பார்ப்பது தொடக்கத்தில் இருந்து ஒன்பதரை பிட் நேரம் கழித்து.

இப்போது நம் சிப் 4.2 சதவீதம் வேகமாக அனுப்புகிறது. அது பத்து பிட்டையும் அனுப்பி முடிக்கும்போது கன்வெர்ட்டரின் கணக்கில் 9.6 பிட் நேரம்தான் ஆகியிருக்கும். கன்வெர்ட்டர் எட்டிப் பார்ப்பது 9.5-ல். ஆகவே முடிவு பிட்டின் வால் பகுதியையாவது அது பார்த்துவிடும். மயிரிழையில் தப்பிக்கிறோம்.

மதியம் 5.3 சதவீதம். பத்து பிட்டும் 9.497-லேயே முடிந்துவிடுகிறது. கன்வெர்ட்டர் 9.5-ல் எட்டிப் பார்க்கும்போது அங்கே இருப்பது அடுத்த எழுத்தின் தொடக்க பிட். முடிவு பிட் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருக்கிறது. இதைத்தான் ஃப்ரேமிங் பிழை என்பார்கள். ஒரு முறை இப்படி இடம் தவறினால் பின்னால் வரும் எழுத்துகளும் சேர்ந்து கெடும். எழுத்துகள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும்போது மட்டும் இது நடப்பதால்தான் சில எழுத்துகள் சரியாகவும் சில தவறாகவும் தெரிந்தன.

இரண்டு பக்கக் கடிகாரங்களிலும் பிழை இருக்கலாம், வயரில் துடிப்பின் ஓரங்கள் மழுங்கலாம் என்பதால் இந்த 5 சதவீத எல்லை வரை போவது ஆபத்து. ஒவ்வொரு பக்கமும் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எல்.எல். போட்டால் சரியாகுமா?

இந்த இடத்தில் நண்பரின் மகன், இன்ஜினியரிங் மாணவன், மெனுவைக் காட்டி, "அங்கிள், இதில் `16 MHz (PLL)` என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் துல்லியம் கூடாதா?" என்று கேட்டான். பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது. மாற்றிப் பார்த்தோம். காலையில் எல்.ஈ.டி. மறுபடியும் 9 நிமிடம் 36 நொடியிலேயே மாறியது. ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை.

இதற்குக் காரணம் பி.எல்.எல். வேலை செய்யும் விதம். பி.எல்.எல். என்பதற்குள் தனியாக ஒரு வேகமான ஆஸிலேட்டர் இருக்கிறது. ஆனால் அதற்குச் சுயபுத்தி கிடையாது. கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்து அதன் வேகம் கூடும், குறையும். இந்த வேகமான துடிப்பை எட்டால் வகுத்து, கிடைக்கும் துடிப்பை வெளியில் இருந்து வரும் மாதிரித் துடிப்போடு ஒரு ஒப்பிடும் சர்க்யூட் தொடர்ந்து ஒப்பிடுகிறது. நம்முடையது பின்தங்கினால் வேகத்தைக் கூட்டு, முந்தினால் குறை என்று அந்தச் சர்க்யூட் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஜதை மாடுகள் போல இரண்டும் ஒரே நடையில் போனதும் பூட்டு விழுந்தது என்று பொருள். அந்த நிலையில் வேகமான ஆஸிலேட்டர் மாதிரித் துடிப்பைப் போலச் சரியாக எட்டு மடங்கில் ஓடும்.

கவனியுங்கள், சரியாக எட்டு மடங்கு. மாதிரி 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் 64 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஏடிடைனி 85 அதை நான்கால் வகுத்து 16 ஆக்கிக்கொள்கிறது. ஆனால் எங்கள் சிப்பின் உள் ஆஸிலேட்டர் உண்மையில் 8.333 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. எட்டால் பெருக்கினால் 66.664, நான்கால் வகுத்தால் 16.666. இது 16-ஐவிட எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 4.2 சதவீதம். நகல் எடுக்கும் இயந்திரம் மூலப்பிரதியில் இருக்கும் எழுத்துப் பிழையைத் திருத்தாது. பி.எல்.எல்.-லும் அப்படித்தான். மாதிரித் துடிப்பின் பிழை எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீதத்தை அது அப்படியே வெளியே கொடுக்கும்.

அப்படியானால் பி.எல்.எல். எதற்கு? மாதிரியாகக் கிரிஸ்டலைக் கொடுத்துப் பாருங்கள், கதையே மாறிவிடும். பி.எல்.எல்.-க்குள் இருக்கும் வேகமான ஆஸிலேட்டர் தனியாக விட்டால் உள் ஆஸிலேட்டரைவிட மோசமாக அலையக்கூடியது. அதைக் கிரிஸ்டலோடு பூட்டினால், நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் கிரிஸ்டலின் துல்லியம் அதற்கு வந்துவிடுகிறது. துல்லியம் கிரிஸ்டலுடையது, வேகம் பி.எல்.எல்.-லுடையது.

ஒரு சிறு விலை கொடுக்க வேண்டும். பி.எல்.எல். ஓயாமல் கூட்டிக் குறைத்துத் திருத்திக்கொண்டே இருப்பதால், அடுத்தடுத்த துடிப்புகளின் நீளம் மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் ஆடும். இதை ஜிட்டர் என்கிறார்கள். நிமிடக் கணக்கில் எண்ணும்போது இந்த ஆட்டம் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். அதனால் கடிகாரம் தவறாது, 9600 வேக சீரியலும் கெடாது. மிக வேகமான தகவல் இணைப்புகளிலும் உயர்தர ஒலிக் கருவிகளிலும்தான் இது கவலை தரும்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதுதான்

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருந்தது. அதை மூன்றால் வகுத்து ப்ராசசருக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள். வகுத்தால் போதும் என்ற காலம் அது. இன்று 3.4 ஜிகாஹெர்ட்ஸில் அதிரும் கிரிஸ்டல் தகட்டைச் செய்ய முடியாது, அவ்வளவு மெல்லியதாக அறுத்தால் உடைந்துபோகும். அதனால் மதர்போர்டில் சில பத்து மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை வைத்து, பி.எல்.எல். மூலம் பெருக்கிக்கொள்கிறார்கள்.

இதை நீங்களே பார்க்கலாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் `Bus Speed`, `Multiplier` என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவது 34 என்றால் பெருக்கினால் 3400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.4 ஜிகாஹெர்ட்ஸ். சிலருக்கு 100 என்பதற்குப் பதில் 99.8 போல ஓர் எண் வரும். கம்ப்யூட்டர் பழுது என்று பயப்பட வேண்டாம். ரேடியோ, டி.வி. போன்றவற்றுக்கு இடைஞ்சல் வராமல் இருக்க, பல மதர்போர்டுகளில் பி.எல்.எல்.-லை வேண்டுமென்றே சற்றுக் கீழே இறக்கி அசைத்துக்கொண்டே இருப்பார்கள். கிரிஸ்டலின் துல்லியத்தை நாமாகவே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் இடம் இது.

கம்ப்யூட்டரின் நேரம் எவ்வளவு நம்பகமானது என்று தெரிய வேண்டுமா? விண்டோஸ் கட்டளைத் திரையில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
w32tm /stripchart /computer:time.windows.com /samples:5 /dataonly
```

இணையத்தில் இருக்கும் நேரத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் நொடியில் வரும். விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு, இன்று ஒரு முறையும் நாளை இதே நேரம் ஒரு முறையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில நொடிகளுக்குள் இருந்தால் அது கிரிஸ்டலின் வழக்கமான பிழை. பார்த்து முடித்ததும் அந்த வசதியை மறுபடியும் இயக்கிவிடுங்கள். எல்.ஈ.டி. சோதனைக்குக் கம்ப்யூட்டர் கடிகாரத்தை அளவுகோலாக நம்பியதற்குக் காரணமும் இதுதான்.

கிரிஸ்டல் போடலாமா?

மொட்டை மாடிப் போர்டுக்கு வருவோம். கிரிஸ்டல் போட்டால் பிரச்சினை தீரும் என்பது உண்மை. ஆனால் ஏடிடைனி 85-ல் மின்சாரத்துக்கும் ரீசெட்டுக்கும் போக நாம் பயன்படுத்தக் கிடைப்பது ஐந்து கால்கள்தான். கிரிஸ்டலுக்கு இரண்டு கால் வேண்டும். மீதி மூன்று. எங்களுக்கோ மூன்று கம்பிகள், தகவல் அனுப்ப ஒரு கால் என்று நான்கு தேவை. இந்தச் சிப்பில் கிரிஸ்டல் போட இடமே இல்லை.

அதனால் உள் ஆஸிலேட்டரைத் திருத்திப் பார்த்தோம். சிப்புக்குள் `OSCCAL` என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் குறைத்தால் ஆஸிலேட்டர் மெதுவாகும், கூட்டினால் வேகமாகும். ஒவ்வொரு படிக்கும் மாற்றம் 2 சதவீதத்துக்குக் குறைவு, எங்கள் சிப்பில் அது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரே தாவலில் மாற்றாமல் படிப்படியாக இறக்கினோம். இதை `setup()` பகுதியில் சேர்க்க வேண்டும்:

```
for (byte i = 0; i < 6; i++) {
  OSCCAL--;
  delay(1);
}
```

ஆறு படி இறக்கியதும் காலையில் 9 நிமிடம் 58 நொடி. மதியம் 9 நிமிடம் 51 நொடி. அதாவது காலையில் 0.3 சதவீதம், மதியம் 1.5 சதவீதம். சூட்டால் வரும் வித்தியாசம் போகவில்லை, அது போகவும் போகாது. ஆனால் 2 சதவீத எல்லைக்குள் வந்துவிட்டோம். அன்றிலிருந்து மதிய நேரத்திலும் எழுத்துகள் சரியாக வருகின்றன. முன்பு சொன்ன பி.எல்.எல். அமைப்பில் வைத்தாலும் இதே பலன்தான் கிடைக்கும், ஏனென்றால் மாதிரியைத் திருத்தினால் நகலும் திருந்தும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஆறு என்பது அந்த ஒரு சிப்புக்கும், அது ஓடும் 5 வோல்ட்டுக்கும் உரிய எண். அதே கடையில் அதே நாளில் வாங்கிய இன்னொரு சிப்புக்கு வேறு எண் வரலாம். ஒவ்வொன்றையும் எல்.ஈ.டி. சோதனை செய்தே திருத்த வேண்டும். அடுத்தது, `OSCCAL` எண்ணின் எல்லை 0 முதல் 127 வரை ஒரு பகுதி, 128 முதல் 255 வரை இன்னொரு பகுதி. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். 128-ல் இருந்து ஒன்று குறைத்து 127-க்கு வந்தால் வேகம் குறையாது, மாறாகக் கூடிவிடும். திருத்தும்போது இந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கிரிஸ்டல் கட்டாயம்?

எங்கள் போர்டுக்கு 1.5 சதவீதப் பிழை போதுமானதாக இருக்கக் காரணம், நேரத்தை அது வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான். எந்த வரி எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. அதே நண்பர் அதிகாலை 5.30 மணிக்கு மோட்டாரைத் தானாகப் போடும்படி ஒரு போர்டு வேண்டும் என்று கேட்டார். இரவில் கம்ப்யூட்டர் ஓடாது. நேரத்தைப் போர்டேதான் எண்ண வேண்டும்.

இங்கே உள் ஆஸிலேட்டர் உதவாது. 1 சதவீதப் பிழை என்றால் ஒரு நாளைக்கு 14 நிமிடம் 24 நொடி. ஒரே வாரத்தில் மோட்டார் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தவறி ஓடும். நாள் முழுவதும் சூடு மாறிக்கொண்டே இருப்பதால் திருத்தியும் பயனில்லை. கிரிஸ்டல் போட்டால் இதுவே நாளைக்குச் சில நொடி. அதனால் கால்கள் அதிகம் உள்ள ஏடிமெகா 328 சிப்பை எடுத்து, கிரிஸ்டல் போட்டோம்.

கிரிஸ்டல் போடும்போது கவனிக்க வேண்டியவை சில. அதன் இரண்டு கால்களில் இருந்தும் கிரவுண்டுக்குத் தலா ஒரு சிறு கெப்பாசிட்டர் வேண்டும். இந்த வகைச் சிப்புகளுக்கு 12 முதல் 22 பிகோஃபாரட் வரை என்று தகவல் ஏட்டில் சொல்லியிருக்கிறார்கள். கிரிஸ்டலைச் சிப்பின் கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். நீளமான வயரில் தொங்கவிட்டால் சில நேரம் துடிப்பே தொடங்காது. கிரிஸ்டல் இல்லாமலேயே ஃப்யூஸில் கிரிஸ்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சிப் செத்தது போல ஆகிவிடும், கம்ப்யூட்டரில் இருந்து அதைத் தொடவே முடியாது. சிப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கிரிஸ்டலைப் பொருத்தினால் மறுபடியும் பேசும்.

சந்தையில் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் பளபளவென்று ஒரு கிரிஸ்டல் தெரியும். அதை நம்பிக் கடிகாரம் செய்தவர்கள் ஒரு நாளில் பல நொடி, சில நேரம் நிமிடத்துக்கும் மேல் தவறுவதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கிரிஸ்டல் யு.எஸ்.பி. பகுதிக்கு உரியது. அங்கே 16 மெகாஹெர்ட்ஸில் இருந்து பி.எல்.எல். மூலம் 48 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்குகிறார்கள். உங்கள் புரோகிராம் ஓடும் சிப்புக்குக் கொடுத்திருப்பது செராமிக் ரெசொனேட்டர். அது உள் ஆஸிலேட்டரைவிட நல்லது, கிரிஸ்டலைவிட மோசம். சீரியலுக்குத் தாராளமாகப் போதும், சுவர்க் கடிகாரத்துக்குப் போதாது.

கம்ப்யூட்டரிடமே கடன் வாங்கலாம்

யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும் கருவிகளுக்கு நிபந்தனை இன்னும் கடுமை. 12 மெகாபிட் வேகத்தில் பேசினால் துடிப்பு 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உள் ஆஸிலேட்டரால் தனியாக இது முடியாது. ஆனாலும் சில புதிய சிப்புகள் கிரிஸ்டல் இல்லாமலேயே யு.எஸ்.பி.யில் வேலை செய்கின்றன. எப்படி?

இந்த வேகத்தில் கம்ப்யூட்டர் ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை ஓர் அடையாளத் துடிப்பை யு.எஸ்.பி. வயரில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு மதர்போர்டின் கிரிஸ்டலில் இருந்து பிறந்தது. சிப் இரண்டு அடையாளங்களுக்கு இடையே தன் துடிப்பு எத்தனை என்று எண்ணுகிறது. 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் 48,000 வர வேண்டும். 48,300 வந்தால் தன் உள் ஆஸிலேட்டரைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. நாம் எல்.ஈ.டி. வைத்துக் கையால் செய்த அதே திருத்தத்தை இது ஓயாமல் தானே செய்துகொள்கிறது. வயரைப் பிடுங்கிவிட்டால் மாதிரியும் போய்விடும், அதன் பிறகு அது மறுபடியும் சாதாரண உள் ஆஸிலேட்டர்தான்.

ஆகவே மெனுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது பி.எல்.எல். என்ற பெயரைப் பார்த்துத் துல்லியத்தை முடிவு செய்யாதீர்கள். அந்த பி.எல்.எல். எந்த மாதிரியைப் பார்த்து நடக்கிறது என்று கேளுங்கள். சீரியலில் எழுத்து மட்டும் அனுப்பினால், அளந்து திருத்திய உள் ஆஸிலேட்டர் போதும். நேரத்தை எண்ண வேண்டும் என்றால் கிரிஸ்டல் போடுங்கள். எதைப் போட்டாலும் எல்.ஈ.டி. சோதனையைக் காலையில் ஒரு முறையும், பெட்டி நன்றாகச் சூடேறிய மதியத்தில் ஒரு முறையும் செய்து இரண்டு எண்களையும் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு எப்போதாவது கோளாறு வந்தால் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.